நூலடுக்கின் முன் ஓர் இருண்ட முகம்

எங்கள் துறையிலிருந்து சில மாதங்களுக்கு முன் ஒரு சுற்றறிக்கை வந்தது. இணையவழி ஆய்வு மதிப்பீட்டுக் கூட்டங்களில் பங்கேற்போர் 'கல்விச் சூழலுக்குத் தகுந்த பின்னணியில்' தோன்ற வேண்டும் என்பது அதன் சாரம். தகுந்தது எது என்று அதில் விளக்கவில்லை. விளக்கத் தேவையுமில்லை, 2020க்குப் பிறகு காணொளித் திரையில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். முதுகுக்குப் பின்னே நூலடுக்கு, ஓரத்தில் ஒரு செடி, கறையில்லாத வெள்ளைச் சுவர். அந்த இலக்கணத்தை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

நான் வசிப்பது தில்லி முனீர்க்காவில், பத்துக்குப் பத்து அடி அறையில். அங்குள்ள சந்துகளை அறிந்தவர்களுக்கு அந்த அறையின் ஒளி எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை. எதிர்வீட்டுச் சுவர் கை நீட்டினால் எட்டும் தொலைவில் நிற்கும். எனக்கு வாய்த்த ஒரே சன்னல் கிழக்குச் சுவரில்; புத்தக மாடமும் அதே சுவரில்தான். சுற்றறிக்கை வரும்வரை சன்னலை நோக்கி மேசையைப் போட்டிருந்தேன். என் பின்னே கட்டில், துணிக்கொடி, எரிவாயு அடுப்பு ஆகியவை தெரிந்தன. அறிக்கைக்குப் பணிந்து மேசையைத் திருப்பினேன். இப்போது என் பின்னே நூல்கள் வந்துவிட்டன. கூடவே சன்னலும் வந்துவிட்டது.

தினமும் காலையில் நீலகிரியிலுள்ள தோடர் மொழித்துணைவர் ஒருவருடன் காணொளியில் பேசுவது என் ஆய்வின் பகுதி. அம்மொழியில் நாவை முன்னுக்குத் தள்ளி, உதட்டையும் குவித்து ஒலிக்கும் உயிர்கள் உண்டு. தமிழருக்கு அவை எளிதில் வராதவை. அவர் ஒலிப்பார், நான் திருப்பி ஒலிப்பேன், அவர் என் உதட்டைப் பார்த்துத் திருத்துவார். மேசையைத் திருப்பிய மறுநாள் நான்கு சொற்கள் ஆனதும் அவர் நிறுத்தினார். "தம்பி, பின்னாடி புத்தகமெல்லாம் நல்லாத் தெரியுது. உங்க வாய் எங்க இருக்குன்னே தெரியலை. எதைப் பார்த்துச் சரின்னு சொல்றது?"

நடந்தது இதுதான். மடிக்கணினியின் கேமரா, சட்டகத்துக்குள் விழும் மொத்த ஒளியைக் கணக்கிட்டே எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்று முடிவு செய்கிறது. பின்னால் சன்னல் பளிச்சிட்டால் காட்சி முழுவதுமே மிகைவெளிச்சம் என்று எண்ணி ஒளியைக் குறைத்துக்கொள்ளும். முகம் நிழலுருவாகும். வெள்ளைச் சுவரும் சற்றுக் குறைந்த அளவில் இதையே செய்யும். என்னைப் போன்ற கறுத்த முகங்களுக்கு அந்த இழப்பு கூடுதல். வெள்ளைச் சுவர்முன் அமருங்கள் என்னும் அறிவுரை யாருடைய முகத்தை மனத்தில் கொண்டு பிறந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்.

சன்னலை மூடிவிட்டால் போதாதா எனலாம். மூடிப் பார்த்தேன், வேறு நோய் வந்தது. ஒளி குறைந்தால் பல கேமராக்கள் ஒவ்வொரு சட்டகத்தையும் நீண்ட நேரம் திறந்து வைக்கின்றன. நொடிக்கு முப்பது படங்கள் பதினைந்தாகவும் அதற்குக் கீழும் இறங்கும். ப், ம் போன்ற ஒலிகளில் உதடுகள் மூடியிருப்பது நொடியில் பத்திலொரு பங்கு அளவே. நொடிக்குப் பதினைந்து படங்கள் என்றால் அந்த மூடல் ஓரிரு படங்களில், அதுவும் கலங்கலாக, கடந்துவிடும். இருட்டில் கேமரா தன் உணர்திறனை உயர்த்துவதால் படமெங்கும் புள்ளிகள் துடிக்கும். இவற்றையும் அசைவு என்றெண்ணி அழைப்புச் செயலி தரவை அவற்றின்மேல் செலவிடும். இணைய இணைப்பு நலிந்திருந்தால் முகம் கட்டங்கட்டமாக உடையும். காற்றில் ஆடும் திரைச்சீலையும் சட்டகத்துக்குள் சுழலும் மின்விசிறியும் இதே தீங்கைச் செய்வன. அசையாத பொருள்களோ, எவ்வளவு அலங்கோலமாகக் கிடந்தாலும், தரவில் அதிகம் கேட்பதில்லை. அதாவது என் துணிக்கொடி யாருக்கும் இடையூறு செய்யவில்லை.

இரைச்சலில் பேச்சைப் புரிந்துகொள்ளக் கேட்பவருக்குப் பேசுபவரின் முகம் எவ்வளவு உதவுகிறது என்பதை சம்பியும் பொலாக்கும் 1954இலேயே காட்டிவிட்டனர். முதுகலை முதலாண்டில் நாங்கள் படித்த பாடம் அது. மொழியியல் கற்பிக்கும் துறையே அதை மறந்து, முகத்தை விட்டுச் சுவரை மதிப்பிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

இனி, நான் செய்ததைச் சொல்கிறேன். மேசையை மீண்டும் சன்னல் நோக்கித் திருப்பினேன். பகலில் அதற்குமேல் விளக்கு தேவைப்படவில்லை. கேமரா கண் மட்டத்துக்கு வர மடிக்கணினியின் அடியில் மூன்று தடித்த அகராதிகளை வைத்தேன்; அவை பின்னணியில் நின்றதைவிட இங்கே பயன்படுகின்றன. பின்னால், என் முதுகிலிருந்து நான்கடி தள்ளி, துணிக்கொடியிலேயே சாம்பல் கலந்த பச்சைப் போர்வை ஒன்றைக் கிளிப்புகளால் தொங்கவிட்டேன். விசிறிக் காற்றில் ஆடாதிருக்க அதன் கீழ்முனைகளைக் கட்டில் கால்களில் கட்டினேன். போர்வை வெள்ளையாக இல்லாததால் முகம் கறுப்பதில்லை; நான்கடி இடைவெளி இருப்பதால் என் நிழல் அதன்மேல் விழுவதில்லை.

இரவில் ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கை மாடத்தில் பொருத்தி, என்மீது அல்லாமல் எனக்கு எதிரேயுள்ள சுவரை நோக்கித் திருப்பிவைக்கிறேன். அங்கே ஒட்டிய வெள்ளை வரைதாளில் பட்டுத் திரும்பும் ஒளி, கண்ணுக்குக் கீழ் நிழலின்றி முகத்தில் பரவுகிறது. முதுகுப்பக்க டியூப்லைட்டை அணைத்துவிடுவேன். அதன் ஒளியில் திரையில் கிடைக்கோடுகள் மெல்ல ஊர்ந்தன. கேமரா அமைப்பில் மின் அதிர்வெண் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்ததே காரணம். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதை மாற்றியதும் கோடுகள் மறைந்தன.

'இத்தனை பாடு எதற்கு, பின்னணியை மங்கலாக்கும் பொத்தான் இருக்கிறதே' என்பார்கள். அந்தப் பொத்தான் எது மனிதன், எது சுவர் என்று ஊகிக்கிறது. கையில் உயர்த்திப் பிடித்த சொல்லட்டையை அது சுவரோடு சேர்த்துவிடும். சைகைமொழியில் பேசுபவரின் விரல் நுனிகளையும் விழுங்கும். பழைய மடிக்கணினியில் செயலியின் வேகத்தையும் தின்று ஒலியைத் திக்கவைக்கும். வெளிச்சம் குறைந்த அறையில் அந்த ஊகம் இன்னும் தவறும். ஆக, அதற்கும் முதலில் விளக்குதான் வேண்டும்.

நேர்த்தியான பின்னணி எதிரிலிருப்பவருக்குச் செய்யும் மரியாதை என்று ஒரு மூத்த பேராசிரியர் என்னிடம் சொன்னார். அவரை மதிக்கிறேன், அதில் பாதியை ஏற்கிறேன். பின்னால் அறைத்தோழர் உடை மாற்றிக்கொண்டிருப்பது யாருக்கும் உகந்ததல்ல. போர்வை அதற்குத்தான். ஆனால் நூலடுக்கு கேட்பது வேறொன்று. அது தனியறை உண்டா, சொந்தச் சுவர் உண்டா, ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடுவாரா என்று கேட்கிறது. விடுதியில் மூவருடன் இருக்கும் முதுகலை மாணவியும், சமையலறையில் அமர்ந்து பேசும் பகுதிநேர ஆய்வாளரும் அதற்கு விடை சொல்ல இயலாமல் கேமராவை அணைத்துவிடுகிறார்கள். அணைத்ததும் 'ஈடுபாடின்மை' என்று குறிப்பேட்டில் ஏறுகிறது. எங்கள் ஆய்வுக் குழுவிலேயே இருவருக்கு இது நேர்ந்தது.

சுற்றறிக்கை ஒன்று வேண்டுமென்றால் இப்படி எழுதுங்கள்: பேசுபவரின் முகத்தில் ஒளி விழட்டும், பின்னே அதைவிட வெளிச்சமான எதுவும் இல்லாதிருக்கட்டும், அசைவது எதுவும் வேண்டாம். ஆளுக்கொரு விளக்கையும் துறைநிதியிலிருந்து வாங்கித் தாருங்கள்.

அடுத்த மதிப்பீட்டுக் கூட்டம் வெள்ளியன்று. பச்சைப் போர்வையின் முன்தான் அமர்வேன். இன்று காலை அந்த நான்கு சொற்களையும் மீண்டும் ஒலித்தோம். மூன்று சரி என்றார். நான்காவதில் உதட்டை இன்னும் குவிக்கச் சொன்னார்.