ஆறு சொல், ஒரு வாசல்

கவிதைப் பட்டறைகளில், ஓரளவு எழுதித் தேறியவர்களுக்கென்றே ஒரு பயிற்சி உண்டு. அதன் பெயர் செஸ்டினா. 12-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் பிரான்ஸில் பாடித் திரிந்த அர்னோ தனியேல் என்ற கவிஞர் உருவாக்கியது. பிறகு தாந்தேயும் பெட்ரார்க்கும் இத்தாலிய மொழியில் எழுதினார்கள். ஆங்கிலத்திலும் இன்றுவரை எழுதுகிறார்கள். ‘வீடு திரும்புதல்’ என்ற பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. காரணம், இந்த வடிவமே ஒரு வீடு திரும்புதல்தான்.

விதி எளிது. ஆறு பத்திகள், பத்திக்கு ஆறு வரி. எதுகை, மோனை கட்டாயமில்லை. முதல் பத்தியின் ஆறு வரிகளும் எந்த ஆறு சொற்களில் முடிகின்றனவோ, அதே சொற்களில்தான் மற்ற ஐந்து பத்திகளின் வரிகளும் முடிய வேண்டும். ஆனால், வரிசை மாறும். முந்தைய பத்தியின் கடைசிச் சொல் முதலில் வரும், முதல் சொல் இரண்டாவதாக வரும். பிறகு கீழிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று எனப் பின்னிக்கொண்டே போக வேண்டும். அதாவது 6, 1, 5, 2, 4, 3. ஒரு பத்தியை முடித்த சொல்லே அடுத்த பத்தியின் முதல் வரியை முடிக்கும் என்பதால், நம் அந்தாதிக்கு இது தூரத்து உறவு.

இப்படி மாற்றிக்கொண்டே போனால், ஏழாவது பத்தியில் சொற்கள் தொடங்கிய வரிசைக்கே வந்துவிடும். தாளில் எழுதிப் பாருங்கள். அதனால்தான் ஆறு பத்தியோடு நிறுத்தி, ஏழாவதற்குப் பதிலாக மூன்றே வரிகளில், வரிக்கு இரண்டாக ஆறு சொற்களையும் அடக்கி முடிக்கிறார்கள். நான்கு சொற்களை வைத்து இதே பின்னலைப் போட்டால், மூன்றாவது சொல் இடத்தை விட்டு நகரவே நகராது. ஆறு என்பது சும்மா வந்த எண் அல்ல.

சொற்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. வீடு திரும்புதல் என்றதும் வீடு, ஊர், பயணம், நினைவு என்று பட்டியல் போடத் தோன்றும். அவை எல்லாம் ஒரே விஷயத்தைச் சொல்பவை. இரண்டாம் பத்தியிலேயே களைத்துவிடும். நான் எடுத்துக்கொண்டவை மாலை, படி, ஆறு, வழி, சாவி, அம்மா. முதல் நான்கும் பல பொருள் தருபவை. சாவிக்கும் அம்மாவுக்கும் ஒரே பொருள்தான். எல்லாமே பல பொருள் சொற்களாக இருந்தால் கவிதை விடுகதையாகிவிடும். பொருள் மாறாத இரண்டு சொற்களாவது வேண்டும்.

பேருந்தில் ஏறும்போது மாலை.
ஜன்னலோரம் சாய்ந்தபடி
தாண்டும் ஊர்களை எண்ணுகிறேன்: நான்கு, ஐந்து, ஆறு.
இன்னும் இரவு முழுக்க வழி.
சட்டைப் பையில் பழைய வாசல் சாவி.
அதை என் கையில் வைத்து மூடியவள் அம்மா.

பண்டிகைக்குப் பண்டிகை காத்திருந்த அம்மா.
நான் வாங்கிப் போனது கடைசியில் ஒரு மாலை.
‘எப்போது வந்தாலும் திற’ என்று தந்த சாவி;
இன்று வீட்டை விற்கிறோம், அண்ணன் சொன்னபடி.
பங்கு பிரிக்க வேறு என்ன வழி?
பிள்ளைகள் நாங்கள் மொத்தம் ஆறு.

பாலம் ஏறியதும் கீழே ஆறு.
இந்த மணலில்தான் ஊற்றுத் தோண்டினாள் அம்மா.
அவள் குடம் சொட்டிய ஈரமே எங்களுக்கு வழி.
பள்ளி விட்டு வந்தால், ஒவ்வொரு மாலை
அடுப்படியிலிருந்து ஒரே சொல்: ‘படி!’
இடுப்பில் எந்நேரமும் கிலுங்குகிற சாவி.

பூட்டிவைக்க என்ன இருந்தது? ஆனாலும் சாவி.
அடுப்பைச் சுற்றித் தட்டுகள் ஆறு.
பானையில் அரிசி அரைப் படி.
ஏழாவது தட்டு எடுத்ததில்லை அம்மா.
‘பசியில்லை’ என்பாள், காலை, மாலை.
அது பொய்யெனப் புரிய எத்தனை நீண்ட வழி!

விடியலில் இறங்கினேன். கால்களுக்குத் தெரிந்த வழி.
துருவேறிய பூட்டு. திரும்ப மறுக்கும் சாவி.
ஜன்னலுக்குள், படத்தில், சருகான மாலை.
‘உட்காரு, களைப்புத் தீரக் கொஞ்சம் ஆறு’
என்று வாசலிலேயே சொல்வாளே அம்மா,
அவள் உட்கார்ந்து உட்கார்ந்தே தேய்ந்த படி.

உட்கார்ந்தேன். அதே கல், அதே படி.
இங்கிருந்து பார்த்தால் தெருமுனை வரை வழி.
இதைத்தான் தினமும் பார்த்திருக்கிறாள் அம்மா.
உள்ளங்கையில் சூடேறிய சாவி.
பத்திரத்தில் கையெழுத்து ஐந்து, வேண்டியது ஆறு.
கெடு இன்று மாலை.

படியிலிருந்து எழவில்லை. இறங்குகிறது மாலை.
ஆறு பேருக்கும் வீட்டுக்கு இது ஒன்றே வழி:
கையில் சாவி, வாசலில் அம்மா.

‘ஆறு’ என்ற ஒரே சொல்லைத் தொடர்ந்து பாருங்கள். முதலில் பொழுதுபோக்காக எண்ணிய ஊர்கள். அப்புறம் பிள்ளைகள், மணலாகிப்போன நதி, தட்டுகள், அம்மாவின் ஆறுதல். கடைசியில் பத்திரத்தில் விழாத கையெழுத்து. சொல் மாறவில்லை, அதன் பாரம்தான் ஏறிக்கொண்டே போகிறது. செஸ்டினாவில் கதை நகர்வது இப்படித்தான்.

தமிழில் எழுதும்போது ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் வாக்கியம் வினைச்சொல்லில் முடியும். இங்கே வரியின் கடைசியில் பெயர்ச்சொல் வந்தாக வேண்டும். ‘அம்மா ஊற்றுத் தோண்டினாள்’ என்பதை ‘ஊற்றுத் தோண்டினாள் அம்மா’ என்று புரட்டிப் போடலாம்தான். ஆனால், எல்லா வரியையும் அப்படிப் புரட்டினால் மேடை வசனம் போல ஒலிக்கத் தொடங்கும். அதைத் தவிர்க்க மூன்று வழிகள் கைகொடுக்கும். ஒன்று, வினையே இல்லாத வாக்கியம்: ‘கெடு இன்று மாலை.’ இரண்டு, பெயரெச்சம்: ‘கிலுங்குகிற சாவி’. மூன்று, பேச்சை அப்படியே எடுத்து வைப்பது: ‘படி!’ அதோடு ‘சாய்ந்தபடி’, ‘சொன்னபடி’ என்று ஒட்டிக்கொள்ளும் ‘படி’யும் பெரிய உதவி.

எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது நான்காம் பத்தியில். சொல்ல வந்தது தீர்ந்திருக்கும், சொற்கள் மட்டும் வரிசையில் நின்று இடம் கேட்கும். இடத்தை நிரப்ப வர்ணனை சேர்ப்பார்கள். அது நிரப்பல்தானா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. வரியின் கடைசிச் சொல்லை விரலால் மறைத்துவிட்டு, அங்கே வேறொரு சொல்லை வைத்துப் படியுங்கள். அப்போதும் கவிதைக்கு ஒன்றும் குறையவில்லை என்றால், அந்த வரி விதிக்காக எழுதப்பட்டது. அடித்துவிட்டு, கதையில் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்றை அங்கே கொண்டு வாருங்கள். ஏழாவது தட்டு அந்தக் கவிதைக்குள் வந்தது அப்படித்தான். முதல் மூன்று பத்திகளை எழுதும்போது அது என் திட்டத்திலேயே இல்லை.

முயன்று பார்க்க நினைப்பவர்கள் முதலில் கவிதையைத் தொட வேண்டாம். ஒரு தாளில் 39 கோடுகள் போட்டு, ஒவ்வொரு கோட்டின் முடிவிலும் உரிய சொல்லை மட்டும் எழுதிவிடுங்கள். போய்ச் சேர வேண்டிய இடங்கள் தெரிந்துவிட்டால், நடப்பது மட்டும்தான் பாக்கி.