கைவிட்ட வரியும் செலவே

உழைப்பாளிக்குக் கொடுத்தால் ‘இலவசம்’. வசதி படைத்தவருக்கு வரியை விட்டுக்கொடுத்தால் ‘ஊக்கம்’! 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80சி பிரிவைப் பாருங்கள். பழைய வரிமுறையில், குறிப்பிட்ட சேமிப்புகளில் இடும் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை வரி இல்லை. இதனால் 30 சதவீத வரி கட்டுபவருக்கு மிச்சம் 45,000 ரூபாய். 20 சதவீதம் கட்டுபவருக்கு 30,000. வரி கட்டுமளவு வருமானமே இல்லாத கூலித் தொழிலாளிக்கோ ஒன்றுமில்லை. இதையே மானியமாக நாடாளுமன்றத்தில் முன்மொழிய எந்த நிதியமைச்சராவது துணிவாரா?

இந்தக் கேள்வியை எழுப்பவே பொருளியலாளர்கள் வரிச்சலுகையை நேரடிச் செலவோடு ஒப்பிடுகின்றனர். மானியத்துக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் தேவை. சலுகையோ சட்டத்தில் ஒருமுறை நுழைந்தால், நீக்கப்படும்வரை வாக்கெடுப்பின்றியே தொடரும். பட்ஜெட் ஆவணம் முன்பு ‘கைவிடப்பட்ட வருவாய்’ என்றதை, இப்போது ‘வரி ஊக்கங்களின் வருவாய்த் தாக்கம்’ என்கிறது. பெயர் மாறலாம்; கஜானாவின் இழப்பு மாறாது.