நெட் ஸ்லோவா? ஸோட்டெரோவில் 400 கட்டுரை 800 ஆகாமல் இருக்க ஒரு வழி

வெள்ளிக்கிழமை கல்லூரி லேபிலிருந்து ஊருக்குக் கிளம்பும் ஆராய்ச்சி மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். லேப் கம்ப்யூட்டரின் ஸோட்டெரோவில் 400 கட்டுரைகள் இருக்கின்றன. ஊரில் நெட் ஸ்லோ. அதனால் எல்லாவற்றையும் ஒரு ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, பென்டிரைவில் கொண்டுபோய் லேப்டாப்பில் இம்போர்ட் செய்கிறார். இரண்டு நாள் வேலை ஜோராக நடக்கிறது. திங்களன்று லேபில் சிங்க் கொடுத்தால், 400 இருந்த இடத்தில் 800!

பழி சிங்க் மேல் விழும். ஆனால் கோளாறு பென்டிரைவில்தான் தொடங்கியது. ஸோட்டெரோ ஒவ்வொரு பதிவுக்கும் எட்டு எழுத்தில் ஒரு அடையாளக் குறி கொடுக்கிறது. சிங்க் பார்ப்பது அந்தக் குறியை மட்டுமே. தலைப்பையோ டிஓஐ எண்ணையோ அல்ல. இம்போர்ட் செய்யும்போது எல்லாப் பதிவுகளுக்கும் புதுக் குறி விழுகிறது. நமக்கு அது ஒரே கட்டுரை, சர்வருக்கு வேறு வேறு ஆட்கள். ஒரே கட்டுரையை லேபிலும் வீட்டிலும் தனித்தனியாகச் சேர்த்தாலும் இதே கதைதான்.

ஆகவே லைப்ரரியை இன்னொரு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகும் வேலைக்கு எக்ஸ்போர்ட் வேண்டவே வேண்டாம். கிளம்பும் முன், லேபின் வேகமான வைஃபையிலேயே இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே அக்கவுண்டில் சிங்க் செய்துவிடுங்கள். பதிவு விவரங்கள் சின்னவை, அவற்றுக்கு அளவு வரம்பும் இல்லை. கனமானவை பிடிஎஃப்கள்தான், இலவசமாகக் கிடைப்பது 300 எம்பி. Sync அமைப்பில் ஃபைல் டவுன்லோடை as needed என்று வைத்து, ஊரில் படிக்கப்போகும் பத்துப் பதினைந்தை மட்டும் அங்கேயே ஒருமுறை திறந்துவிட்டால் அவை லேப்டாப்பில் இறங்கிவிடும். மற்றவை ஆஃப்லைனில் திறக்காது.

ஊருக்குப் போனதும் Sync automatically டிக்கை எடுத்துவிடலாம். நெட் இல்லாவிட்டாலும் படிக்கலாம், குறிப்பு எழுதலாம், வேர்டில் மேற்கோள் சேர்க்கலாம். டிஓஐ கொடுத்துப் புதுக் கட்டுரை சேர்க்க மட்டும் நெட் வேண்டும். அதுவரை அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். திரும்பியதும் முதலில் லேப்டாப், பிறகு லேப் கம்ப்யூட்டர் என்று சிங்க் செய்துவிட்டுத்தான் அடுத்த கட்டுரையைச் சேர்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே பதிவின் ஒரே இடத்தைத் திருத்தியிருந்தால், எது வேண்டும் என்று ஸோட்டெரோவே கேட்கும்.

ஏற்கெனவே இரட்டிப்பு ஆகிவிட்டதா? Duplicate Items பகுதியைத் திறந்து பாருங்கள். கை பரபரக்கும், ஆனால் ஒன்றை டெலீட் செய்யாதீர்கள். வேர்டு ஃபைலில் நீங்கள் மேற்கோள் காட்டியது அந்தப் பதிவாகவே இருந்தால் லைப்ரரியோடு இருந்த தொடர்பு அறுந்துவிடும். Merge Items கொடுத்தால் குறிப்புகள், டேக்குகளோடு அந்தத் தொடர்பும் நிற்கும். ஒன்று ஜர்னல் கட்டுரை, மற்றொன்று வெப் பேஜ் என வகை மாறியிருந்தால் மெர்ஜ் ஆகாது. முதலில் வகையை ஒன்றாக்குங்கள்.