வேலைநாளை வெட்டினால் நட்டம் குறையுமா? துரைமாரின் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம்

தோழர்களே, ஏலத்தில் விலை இறங்கும் ஒவ்வொரு முறையும் பெரட்டுக் களத்தில் ஒரே பேச்சுத்தான் கேட்கிறது. "தேயிலை விலை போய்விட்டது, தோட்டம் நட்டத்தில் ஓடுகிறது, நிலையான செலவை நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஆகவே கிழமைக்கு நாலு நாள்தான் வேலை." தலைவர்மார் பேசப் போனால் மேசையில் ஒரு தாளை வைக்கிறார்கள். தாளின் அடியில் மொத்த நட்டம் மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கு மேலே உள்ள வரிகளைப் பற்றிப் பேச்சே கிடையாது. இந்த முறை அந்த வரிகளைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

உயர்தரத்தில் வர்த்தகம் படிக்கும் நமது பிள்ளைகளைக் கேட்டால் முதல் பாகத்தைச் சொல்லிவிடுவார்கள். செலவில் இரண்டு வகை உண்டு. கொழுந்து கூடினால் கூடி, குறைந்தால் குறைவது மாறும் செலவு. கொழுந்து பறிக்கும் சம்பளம், ஸ்டோருக்கு விறகு, மின்சாரம், பை, தரகுக் கூலி எல்லாம் அதில் சேரும். ஒரு கிலோ பறித்தாலும் இலட்சம் கிலோ பறித்தாலும் அந்த மாதத்தில் மாறாமல் நிற்பது நிலையான செலவு. துரைமார் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். நிலையான செலவுக்குள்ளேயே மறுபடியும் இரண்டு வகை இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

ஒன்று, கட்டுப்பட்ட செலவு. முன்பு எடுத்த முடிவாலோ, ஒப்பந்தத்தாலோ, சட்டத்தாலோ கட்டப்பட்டது. காணிக் குத்தகை, வங்கிக் கடன் வட்டி, இயந்திரத் தேய்மானம், காப்புறுதி, மாதச் சம்பள உத்தியோகத்தர், நமது பணிக்கொடைக்கான ஒதுக்கீடு என்பவை இதில் வரும். இதை இந்த மாதம் நினைத்து அடுத்த மாதம் வெட்ட முடியாது. மற்றது, ஒவ்வொரு வருடமும் பட்ஜட் போடும்போது தீர்மானித்துச் செய்யும் செலவு. உரம், கான் வெட்டு, ரோட்டுத் திருத்தம், மறுநடுகை, லயத்துக் கூரை, பிள்ளைமடுவம், கொழும்புத் தலைமையகக் கட்டணம், வாகனம், பங்களாச் செலவு என்று போகும். இதற்குத் தீர்மானச் செலவு என்று பெயர் வைத்துக்கொள்வோம். கையெழுத்துப் போட்டவரே அடுத்த பட்ஜட்டில் மாற்றலாம்.

கணக்குக்காக ஒரு தோட்டத்தை எடுப்போம். இது எந்தத் தோட்டத்தின் கணக்கும் அல்ல, விளங்குவதற்காக நாம் போட்டது. மாதம் 20,000 கிலோ தேயிலைத்தூள். ஒரு தொழிலாளி 18 கிலோ கொழுந்து பறித்தால் அது ஏறக்குறைய 4 கிலோ தூள் ஆகும். சம்பளமும், முதலாளி கட்டும் சேமலாப நிதி 12 வீதமும் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேர்த்து ஒரு பேருக்கு 1,600 ரூபா என்று வைத்தால், ஒரு கிலோ தூளுக்குப் பறிப்புச் செலவு 400 ரூபா. ஸ்டோர், விறகு, பை, தரகு எல்லாம் 250 ரூபா. ஆக மாறும் செலவு கிலோவுக்கு 650 ரூபா. நிலையான செலவு மாதம் 90 இலட்சம். விலை 1,150 ரூபாவாக இருந்தபோது வரவு 230 இலட்சம், மாறும் செலவு 130 இலட்சம், நிலையானது 90 இலட்சம். கையில் 10 இலட்சம் இலாபம்.

இப்போது விலை 1,050 ரூபாவுக்கு இறங்குகிறது. வரவு 210 இலட்சம் ஆகி, 10 இலட்சம் நட்டம் வருகிறது. துரை உடனே ஆறு நாளை நாலு நாளாக்குகிறார். மீதி நாட்களில் கொஞ்சம் கூடுதலாகப் பறித்தாலும் கொழுந்து காற்பங்கு குறைகிறது என்று வைப்போம். தூள் 15,000 கிலோ. வரவு 157.5 இலட்சம், மாறும் செலவு 97.5 இலட்சம். நிலையான 90 இலட்சம் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் குத்தகைக்கும் வட்டிக்கும் நாலு நாள் வேலை என்று தெரியாது. நட்டம் 30 இலட்சம்.

10 இலட்சம் நட்டத்தைக் குறைக்கப் போய் 30 இலட்சமாக்கிவிட்டார்கள்! காரணம் பெரிய இரகசியம் அல்ல. விற்கும் ஒவ்வொரு கிலோவும் தன் மாறும் செலவான 650 ரூபாவைக் கழித்தபின் 400 ரூபாவை நிலையான செலவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. 5,000 கிலோவை மலையில் விட்டால் 20 இலட்சத்தை விட்டது போல்தான். கிலோவுக்கு 450 ரூபாவாக இருந்த நிலையான செலவு 600 ரூபாவாக ஏறுகிறது. பிறகு அந்தப் புதிய எண்ணைக் காட்டி, "பாருங்கள், உற்பத்திச் செலவு எவ்வளவு கூடிவிட்டது, சம்பளம் கூட்ட முடியுமா?" என்று கேட்கிறார்கள். இதற்கு மேல், சுற்று நீண்டால் கொழுந்து முற்றும், தரம் இறங்கும், ஏலத்தில் இன்னும் விலை குறையும். அதை நாம் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

இந்த வாதம் எல்லா மலைக்கும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது என்பதையும் நமது தலைவர்மார் தெரிந்துகொண்டு போக வேண்டும். ஒரு மலையில் ஆளுக்கு 9 கிலோதான் வருகிறது என்றால் அது 2 கிலோ தூள். பறிப்புச் செலவு கிலோவுக்கு 800, மற்றது 250, கூட்டினால் 1,050. விலையும் அதுவே. அதற்குக் கீழே போகும் மலையில் பறிக்கப் பறிக்க நட்டம் என்று துரை சொன்னால் அது உண்மை. அந்த மலை ஏன் 9 கிலோவுக்கு வந்தது என்பதுதான் நமது கேள்வி. பதில் பெரும்பாலும் தீர்மானச் செலவில் கிடக்கிறது.

நமது உதாரணத் தோட்டத்தின் 90 இலட்சத்தைப் பிரித்தால் 55 இலட்சம் கட்டுப்பட்டது. உத்தியோகத்தர் சம்பளம் 18, பணிக்கொடை ஒதுக்கீடு 12, வட்டி 10, தேய்மானம் 9, குத்தகை 4, காப்புறுதி 2. இதில் தேய்மானம் என்ற 9 இலட்சம் அந்த மாதம் யார் கைக்கும் போகும் காசு அல்ல, பழைய இயந்திரத்தின் விலையைப் புத்தகத்தில் எழுதிக் கழிப்பது. ஆகவே 10 இலட்சம் நட்டம் என்று சொல்லும் மாதத்தில் கைக்காசில் குறைந்தது ஏறக்குறைய ஒரு இலட்சம்தான். இயந்திரம் ஒருநாள் மாற்ற வேண்டும் என்பதால் அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கே தோட்டத்தை மூடவேண்டும் என்று பயமுறுத்துவதற்கு அந்த எண் உதவாது. பணிக்கொடையைத் தொடவும் யாருக்கும் உரிமை இல்லை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம் ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்கிறது. அது நாம் ஏற்கெனவே உழைத்து முடித்த வருடங்களின் கடன்.

தீர்மானச் செலவு 35 இலட்சம். உரம் 10, மறுநடுகை 6, கானும் ரோட்டும் 5, லயமும் பிள்ளைமடுவமும் வைத்தியமும் 4, தலைமையகக் கட்டணம், முகாமைக் கட்டணம், வாகனம், பங்களா எல்லாம் 10. வெட்ட முடிந்தது எல்லாம் வெட்டத் தகுந்தது ஆகாது. வழக்கமாகக் கத்தி முதலில் விழுவது உரத்திலும் கானிலும் லயத்திலும்தான், ஏனென்றால் அங்கே கூச்சல் போடும் ஆள் கொழும்பில் இல்லை. உரத்தைப் பாதியாக்கினால் மாதம் 5 இலட்சம் மிச்சம். ஆனால் சில மாதம் கழித்துக் கொழுந்து பத்தில் ஒரு பங்கு இறங்கினால் 2,000 கிலோ போகும், கிலோவுக்கு 400 ரூபாப்படி 8 இலட்சம் போகும். இது வெறும் பயமா? 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தைத் தடை செய்தது. அந்த வருடம் நாட்டின் தேயிலை 299 மில்லியன் கிலோ, அடுத்த வருடம் 251 மில்லியன். 2022இல் எரிபொருள் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது என்பது சரிதான். ஆனாலும் பசித்த செடி எப்படி இருக்கும் என்பதை மலையில் நின்று பார்த்தவர்கள் நாம். கானும் அப்படித்தான். அடைந்த கானைப் பெருமழை உடைத்தால் மேல்மண் ஆற்றுக்குப் போய்விடும், அடுத்த வருடம் கான் வெட்டினாலும் மண் திரும்பி வராது. லயத்துக் கூரை ஒழுகி, பிள்ளைமடுவத்தில் ஆள் இல்லாமல் போனால், தாய்மார் வேலைக்கு வரமுடியாத நாட்கள் கூடும். அதுவும் கொழுந்துக் கணக்கில்தான் விழும்.

அப்படியானால் 10 இலட்சத்தை எங்கே எடுப்பது? தலைமையகம், முகாமை, வாகனம், பங்களா என்ற 10 இலட்சத்தைப் பாதியாக்கினால் 5. அதைக் குறைத்தால் ஒரு கிலோ கொழுந்தும் குறையாது. புதிதாகத் தொடங்க இருந்த மறுநடுகையை ஒரு பருவம் தள்ளிவைத்தால் 3. இதுவும் நமக்கு விருப்பமானது அல்ல, எதிர்காலத்திலிருந்து எடுக்கும் கடன்தான், ஆனால் தள்ளிவைத்ததை மீண்டும் தொடங்கலாம். ஏற்கெனவே நட்ட இளங்கன்றைக் கவனிக்காமல் விடுவதுதான் போட்ட பணம் முழுவதையும் புதைப்பது, அதில் கைவைக்கக் கூடாது. மீதி 2 இலட்சத்துக்கு வங்கியோடு பேசி வட்டியையும் தவணையையும் மறுசீரமைக்க வேண்டும். கட்டுப்பட்ட செலவை அசைக்க ஒரே வழி மறுபடியும் பேரம் பேசுவது, அதற்குச் சில மாதம் பிடிக்கும். ஆகவே விலை விழுந்த முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டும்.

முகாமைக் கட்டணம் ஒப்பந்தத்தில் இருக்கிறது, தொட முடியாது என்பார்கள். யாரோடு ஒப்பந்தம்? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனபின், தோட்டக் கம்பனியும் அதை நடத்தும் முகாமைக் கம்பனியும் ஒரே குழுமத்துக்குள் இருப்பது சாதாரணமாகிவிட்டது. வலது கை இடது கைக்குக் கொடுக்கும் கட்டணத்தைக் குத்தகையோடும் பணிக்கொடையோடும் ஒரே வரிசையில் வைக்க நாம் சம்மதிக்க முடியாது. மேசையின் இரு பக்கமும் ஒரே ஆட்கள் இருக்கும் ஒப்பந்தத்தை ஒரே கூட்டத்தில் திருத்தலாம்.

ஆகவே அடுத்த முறை நாலு நாள் வேலை என்று சொன்னால், தோட்டக் கமிட்டி வெறுங்கையோடு போக வேண்டாம். நிலையான செலவை இரண்டாகப் பிரித்த தாள், தீர்மானச் செலவில் கடந்த வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் உள்ள வித்தியாசம், மலைவாரியாக ஆளுக்கு எத்தனை கிலோ என்ற விபரம் ஆகியவற்றை எழுத்தில் கேளுங்கள். கொழும்புப் பங்குச் சந்தையில் பதிவான கம்பனி என்றால் அதன் வருடாந்த அறிக்கை எவரும் பார்க்கக் கூடியது. அதில் நிர்வாகச் செலவு என்ற வரியையும், பின்பக்கக் குறிப்புகளில் தொடர்புடைய தரப்பினருடனான கொடுக்கல் வாங்கல் என்ற பகுதியையும் படித்த பிள்ளைகளைக் கொண்டு எடுத்துவையுங்கள். விலை விழுந்த வருடத்தில் அந்த இரண்டு எண்களும் ஏறியிருந்தால், வேலைநாளைப் பற்றிய பேச்சை அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.