சுளையா, துண்டா?

“அறுநூறு பேரிடம் சர்வே எடுத்தோம். க்ளஸ்டர் அனாலிசிஸ் போட்டோம். நான்கு பிரிவு வந்தது. ஆக, நம் வாடிக்கையாளர்களில் நான்கு வகை இருக்கிறார்கள்.” சந்தை ஆய்வு நடக்கிற எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். முதல் மூன்று வாக்கியங்கள் நடந்த செய்தி. நான்காவது மட்டும் அவற்றிலிருந்து கிடைக்காத முடிவு. அதை நம்பித்தான் விளம்பரப் பணம் பிரிக்கப்படுகிறது, பாக்கெட்டின் நிறம் மாறுகிறது. இந்த நம்பிக்கை தவறு என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆரஞ்சுப் பழத்தை உரித்தால் சுளை சுளையாகப் பிரிகிறது. சுளைகளுக்கு நடுவே தோல் இருக்கிறது. யார் உரித்தாலும் அங்கேதான் பிரியும். முருங்கைக்காய் அப்படியல்ல. நான்காக நறுக்கினால் நான்கு துண்டு, ஆறாக நறுக்கினால் ஆறு. எங்கே வெட்ட வேண்டும் என்பதற்குக் காய்க்குள் எந்த அடையாளமும் இல்லை. கே-மீன்ஸ் என்ற முறை ஒரு கத்தி. நான்கு கேட்டால் நான்கு கொடுக்கும், ஏழு கேட்டால் ஏழு. “இதில் பிரிவே இல்லை” என்று அது ஒருபோதும் சொல்லாது, ஏனென்றால் அப்படிச் சொல்ல அதற்கு வழியே வைக்கப்படவில்லை. கேட்ட எண்ணிக்கையில் மையங்களை வைக்கும்; ஒவ்வொருவரையும் அருகில் உள்ள மையத்தில் சேர்க்கும்; சேர்ந்தவர்களின் சராசரிக்கு மையத்தை நகர்த்தும்; யாரும் இடம் மாறாத வரை இதையே திரும்பச் செய்யும். அவ்வளவுதான் அதன் வேலை.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 0 முதல் 100 வரை ஒரே சீராகச் சிதறிய 600 எண்களை எடுங்கள். இதில் எந்தக் கூட்டமும் கிடையாது. நேர்கோட்டில் தூவிய மணல் மாதிரி. ஆர் மென்பொருளில் நான்கு வரி போதும்:

```
x <- runif(600, 0, 100)
k <- kmeans(x, 4, nstart = 20)
k$betweenss / k$totss
summary(aov(x ~ factor(k$cluster)))
```

எல்லைகள் ஏறக்குறைய 25, 50, 75 என்ற இடங்களில் விழும். மொத்த வேறுபாட்டில் இந்தப் பிரிவுகள் விளக்கும் பங்கு ஏறத்தாழ 94 விழுக்காடு. இது தற்செயல் இல்லை. சீரான கோட்டை நான்காக வெட்டினால் எல்லாத் துண்டுகளுக்குள்ளும் சேர்த்து மிஞ்சும் வேறுபாடு மொத்தத்தில் பதினாறில் ஒரு பங்கு என்பது வெறும் கணக்கு. கடைசி வரி தருகிற அனோவா அட்டவணையில் எஃப் மதிப்பு 3000-ஐ ஒட்டி வரும். பி-வேல்யூ சுழியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பிரிவே இல்லாத இடத்தில்!

அறிக்கைகளில் “எல்லாக் கேள்விகளிலும் பிரிவுகளுக்கிடையே வேறுபாடு புள்ளியியல்படி முக்கியமானது” என்று ஒரு ஸ்லைடு தவறாமல் இருக்கும். அதை ஆதாரம் என்று ஏற்கவே கூடாது. எந்தக் கேள்விகளில் ஆட்கள் வேறுபடும்படி பிரித்தோமோ, அதே கேள்விகளில் அவர்கள் வேறுபடுகிறார்களா என்று சோதிப்பது எப்படிச் சோதனையாகும்? உயரத்தை வைத்து வரிசை பிரித்துவிட்டு, இரண்டு வரிசைக்கும் உயரம் வேறாக இருக்கிறதே என்று வியப்பதற்குச் சமம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மசாலாப் பொடி நிறுவனத்துக்காக நடந்த ஆய்வின் முடிவுக் கூட்டத்தில் இருந்தேன். சமையலைப் பற்றி இருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மூன்று பிரிவுகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஆர்வமுள்ள இல்லத்தரசிகள், நடுநிலையாளர்கள், அக்கறையில்லாதவர்கள் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம்கூட. அடுத்த ஸ்லைடில் மூன்று கோடுகள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று. இருபது வாக்கியங்கள் நெடுகிலும் அவை ரயில் தண்டவாளம் போல இணையாகப் போயின. ஓரிடத்தில்கூட ஒன்றையொன்று வெட்டவில்லை.

அந்தப் படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தாலே விஷயம் புரிந்திருக்கும். இருபதில் “மசாலாவை வீட்டிலேயே அரைப்பேன்” என்றும் இருந்தது, “கடைப் பொடிதான் வசதி” என்றும் இருந்தது. இரண்டுக்குமே முதல் பிரிவினர் அதிக மதிப்பெண் கொடுத்திருந்தார்கள். சமையல் ஆர்வம் இப்படியா இருக்கும்? கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போனவர்களுக்கு விடை தெரியும். வெயிலில் வந்து நிற்கிற பெண்ணைப் பார்த்து, “எல்லாத்துக்கும் அஞ்சே போட்டுக்கோ கண்ணு” என்று சொல்கிற அம்மாக்கள் உண்டு. எதைக் கேட்டாலும் மூன்றைத் தாண்டாத ஆட்களும் உண்டு. மூன்று பிரிவு என்று திரையில் வந்தது, மதிப்பெண் போடுகிற கை தாராளமா சிக்கனமா என்பது மட்டுமே. பிறகு நேர்காணல் எடுத்தவர்களின் குறியீட்டு எண்ணோடு பிரிவை வைத்து ஓர் அட்டவணை போடச் சொன்னேன். ஆர்வமுள்ள இல்லத்தரசிகளில் பெரும்பாலோரிடம் பேசியவர்கள் ஒரே சூப்பர்வைசரின் குழுவைச் சேர்ந்த மூன்று பேர். அந்த மூன்று பேரின் அவசரத்துக்குத்தான் நாம் பெயரும் புகைப்படமும் கொடுத்திருந்தோம்.

இதைச் சரிபார்க்க எளிய வழி உண்டு. நான்கு வாக்கியங்களுக்கு ஒருவர் 5, 5, 4, 5 என்கிறார். இன்னொருவர் 3, 3, 2, 3 என்கிறார். கே-மீன்ஸ் இவர்களை வேறு வேறு பிரிவில் போடும். ஒவ்வொருவரின் மதிப்பெண்களிலிருந்தும் அவரவர் சராசரியைக் கழியுங்கள், முதலாமவருக்கு 4.75, இரண்டாமவருக்கு 2.75. மிஞ்சுவது இருவருக்கும் ஒன்றே: 0.25, 0.25, -0.75, 0.25. மற்ற மூன்றைவிட மூன்றாவது வாக்கியத்தை இருவருமே ஒரே அளவுக்குக் குறைவாக ஒப்புகிறார்கள். இப்படிக் கழித்த எண்களை வைத்து மறுபடி பிரித்துப் பாருங்கள். பழைய பிரிவுகள் சிதறிப்போனால், அவை மதிப்பெண் போடும் பழக்கத்தில் நின்றவை. ஒன்றையும் மறக்கக்கூடாது: சில வீடுகளில் எல்லாவற்றிலுமே அக்கறை உண்மையாகவே கூடுதலாக இருக்கலாம், கழிக்கும்போது அதுவும் போய்விடும். எது உண்மை என்று அந்த இருபது வாக்கியங்களுக்குள்ளிருந்து தீர்மானிக்க முடியாது. வெளியிலிருந்து சாட்சி வேண்டும்.

சாட்சிக்கு வருமுன் நிலைத்தன்மையைப் பார்க்கலாம். ஆய்வு செய்பவர்களில் கொஞ்சம் கவனமானவர்கள் செய்வது இது. 600 பேரிலிருந்து, எடுத்தவரைத் திரும்பப் போட்டபடியே, 600 பேரைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். அந்தக் கூட்டத்தைப் பிரித்து மையங்களைக் காண்பார்கள். இன்னொரு முறை குலுக்கி இன்னொரு மையத் தொகுப்பு. பிறகு மூல 600 பேரையும் இரண்டு தொகுப்பின்படியும் பிரிவில் போட்டு, இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று திருத்திய ராண்ட் குறியீட்டால் அளப்பார்கள். முழு ஒற்றுமைக்கு 1. தற்செயலாக அமைகிற ஒற்றுமை சராசரியாக 0. இதை நூறு முறை, இரண்டு பிரிவு முதல் எட்டுப் பிரிவு வரை, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டும். நல்ல வேலை, கட்டாயம் செய்ய வேண்டிய வேலை. ஆர் மென்பொருளின் `kmeans`, நாம் சொல்லாவிட்டால், ஒரே ஒரு தொடக்கத்தோடு நின்றுவிடும். அந்த ஒற்றை ஓட்டத்தை அப்படியே அறிக்கையில் ஏற்றுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அடுத்த நாள் ஓட்டினால் வேறு ஆட்கள் வேறு பிரிவில் இருக்கக்கூடும்.

ஆனால் இந்தச் சோதனையில் தேறியதாலேயே பிரிவுகள் உண்மை என்று நம்புவதுதான் படித்தவர்களிடம் இருக்கிற மூடநம்பிக்கை. வட்டத் தோசையை மூன்றாகக் கிழித்தால் ஒவ்வொரு முறையும் கிழிசல் வேறு திசையில் போகும். நிலைத்தன்மைச் சோதனை அதைப் பிடித்துவிடும். முருங்கைக்காயை நான்காக வெட்டும்போது யார் வெட்டினாலும் துண்டுகள் ஏறக்குறைய அதே இடத்தில் விழும். நீளமான எதுவும் குறுக்கே நிலையாகத்தான் வெட்டுப்படும். அந்த மசாலா ஆய்வின் மூன்று பிரிவுகளும் இப்படித்தான். தாராளக் கை, சிக்கனக் கை என்ற நீண்ட கோட்டின் துண்டுகள். எத்தனை முறை குலுக்கினாலும் திரும்ப வரும். நிலைத்தன்மை இல்லாவிட்டால் பிரிவைக் குப்பையில் போடலாம்; இருந்தால் விசாரணையைத் தொடங்கலாம். அதற்கு மேல் அதற்கு அதிகாரம் இல்லை.

நன்றாக அமைந்த ஒன்றையும் காட்டுகிறேன். டோல்னிச்சார், க்ரூன், லைஷ் மூவரும் சந்தைப் பிரிவு பற்றி 2018-இல் எழுதிய நூலில் மெக்டொனால்ட்ஸ் பற்றிய ஒரு தரவு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1453 பேர், 11 குணங்கள். மலிவா, கொழுப்பா, சுவையா, அருவருப்பா என்று ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. ஐந்து மதிப்பெண் தாராளத்துக்கு அங்கே இடமே குறைவு. நான்கு பிரிவுகளில் ஒன்று அந்த உணவை மலிவு, எண்ணெய்ப்பசை என்கிறது. இன்னொன்று அருவருப்பு, விலையும் அதிகம் என்கிறது. மூன்றாவதுக்கு விலை அதிகம், ஆனால் சுவை. நான்காவதுக்கு மலிவு, சுவையும் உண்டு. இவற்றை மேல், நடு, கீழ் என்று அடுக்க முடியாது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அதன் பிறகுதான் வெளிச்சாட்சி வருகிறது. எத்தனை முறை கடைக்குப் போகிறார்கள், எவ்வளவு பிடிக்கிறது என்ற விடைகள் பிரிக்கப் பயன்படுத்தப்படவில்லை. ஆனால் சுவை என்று சொன்ன இரண்டு பிரிவினரும் கடையை விரும்புகிறார்கள், அடிக்கடி போகிறார்கள்.

இந்த மூவரும் தங்கள் பிரிவுகளைச் சுளைகள் என்று சொல்லிக்கொள்ளவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்தது. தரவில் இயற்கையாகவே கூட்டங்கள் இருப்பது ஒரு நிலை. கூட்டம் இல்லாவிட்டாலும் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு இருப்பது இன்னொரு நிலை. இரண்டும் இல்லாமல் நம் வசதிக்கு வெட்டிக்கொள்வது மூன்றாவது. மக்களின் விடைகளில் முதல் நிலை அபூர்வம். மூன்றாவதும் குற்றமில்லை, துண்டு போட்ட முருங்கைக்காய்தான் சாம்பாருக்கு ஆகும். ஆனால் நாமே வெட்டிய துண்டைக் கண்டுபிடித்த சுளை என்று சொல்லி விற்பது, பணம் கொடுத்தவரை ஏமாற்றுவது.

மசாலா ஆய்வுக்கு வெளிச்சாட்சி கையிலேயே இருந்தது. கடந்த மாதம் எந்தப் பொடி, எத்தனை கிராம் வாங்கினீர்கள் என்ற கேள்வி அதே தாளின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. பிரிவுவாரியாகப் பார்த்தபோது மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வாங்கியிருந்தன. அட்டவணை போட அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் விளம்பரத்துக்கு ஆள் பேசி முடித்திருந்தார்கள்.

ஆய்வுக்குப் பணம் கொடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: “இந்த விடைகளில் பிரிவுகள் இல்லை என்று தெரிந்தால், அதையே முடிவாக எழுதித் தரலாம், பேசிய தொகை முழுவதும் தரப்படும்.” அந்த வரி இல்லாத வரை, எத்தனை பிரிவு கேட்கிறீர்களோ அத்தனை பிரிவு உங்களுக்கு வந்துகொண்டேயிருக்கும்.