கடல் ஏன் வில்லாக வளைகிறது?

பைக் ஹேண்டில்பாரில் ஆக்‌ஷன் கேமராவை மாட்டிக்கொண்டு தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனை வரை போய் வந்தாயிற்று. வீட்டில் போட்டுப் பார்த்தால், அடிவானம் நடுவில் மேடு தட்டி, ஒரு பக்கம் சரிந்தும் கிடக்கிறது. பலர் உடனே படத்தைத் திருப்பி நேராக்கப் பார்ப்பார்கள். வராது. ஏனென்றால், இங்கே கோளாறு இரண்டு. வளைவு லென்ஸால் வந்தது. சரிவு, கேமராவை மாட்டிய விதத்தால் வந்தது.

முதலில் வளைவைத்தான் எடுக்கவேண்டும். வளைந்த கோட்டில் ஒவ்வொரு இடத்திலும் சரிவு வேறு வேறாக இருக்கும். எதை வைத்து அளப்பீர்கள்? தவிர, லென்ஸ் திருத்தம் செய்யும் மென்பொருள், லென்ஸின் மையமும் படத்தின் மையமும் ஒன்று என்ற கணக்கில்தான் வேலை செய்கிறது. முதலிலேயே வெட்டி நகர்த்திவிட்டால் அந்தக் கணக்கு தப்பிவிடும்.

ஃபோன் செயலிகள் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்காது. கம்ப்யூட்டரில் பிரீமியர் இருந்தால், Lens Distortion என்ற எஃபெக்டில் Curvature என்பதை நகர்த்துங்கள். எந்த இடத்தில் வீடியோவை நிறுத்திப் பார்க்கிறீர்கள் என்பது முக்கியம். அடிவானம் படத்தின் நடுவே ஓடினால், திருத்தாமலே நேராகத்தான் தெரியும். கேமரா கொஞ்சம் கீழே பார்க்கும் இடத்தில் நிறுத்துங்கள். அப்போது அடிவானம் மேலே ஏறிக் குன்றாக வளைந்திருக்கும். அது நேராகும்வரை நகர்த்துங்கள். கிண்ணம் மாதிரி குழிந்தால் அளவு மீறிவிட்டது. ஓரத்தில் நிற்பவர்கள் அகலமாகத் தெரிந்தால், சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. லேசான வளைவை யாரும் கவனிக்க மாட்டார்கள்; உப்பிய முகத்தைக் கவனிப்பார்கள்!

கோப்ரோவில் Linear வைத்து எடுத்த வீடியோ என்றால் இந்த வேலையே வேண்டாம். கேமராவே செய்து முடித்திருக்கும்.

அடுத்து சரிவு. இதை ஃபோனிலேயே செய்யலாம். பைக் நேராக ஓடும் இடத்தில் நிறுத்தி, அடிவானம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, அதே அளவை வீடியோ முழுக்கக் கொடுங்கள். வளைவுகளில் பைக் சாயும்போது அடிவானமும் சாயும். அதை விட்டுவிடுங்கள், ஓட்டும் சுகமே அதில்தான் இருக்கிறது.

திருப்பினால் மூலைகளில் கறுப்பு தெரியும். மறைக்கப் படத்தைப் பெரிதாக்கவேண்டும். வழக்கமான 16:9 படத்தில் 2 டிகிரிக்கு சுமார் 6 சதவிகிதம், 5 டிகிரிக்கு 15, 10 டிகிரிக்கு 29 சதவிகிதம். 4கே வீடியோ 3,840 புள்ளி அகலம். 5 டிகிரி திருப்பினால் மிஞ்சுவது சுமார் 3,340. ஃபுல் ஹெச்டிக்கு 1,920 போதும் என்பதால் தெளிவு குறையாது. ஃபுல் ஹெச்டியிலேயே எடுத்திருந்தால் மிஞ்சுவது சுமார் 1,670தான், டிவியில் போட்டால் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். அதனால், சாய்வு வரும் என்று தெரிந்தால் 4கேயில் எடுத்துவிடுங்கள்.