‘கெட்டிக்காரன்’ என்ற சொல் எதை மறைக்கிறது?

எங்கள் தோட்டத்திலிருந்து கம்பஸ் போன முதல் ஆள் நான். ஊருக்குப் போனால் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “கெட்டிக்காரப் பொடியன், கஷ்டப்பட்டுப் படிச்சான், மேல வந்துட்டான்.” அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் முதலாம் வருடத்தில் சமூகவியல் படிக்கத் தொடங்கியதிலிருந்து இந்த வசனம் எனக்கு உறுத்துகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் ‘சமூகவியல் கற்பனை’ பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் அவர் தனிமனிதத் தொல்லையையும் பொதுப் பிரச்சினையையும் பிரித்துப் பார்க்கிறார். ஒரு நகரத்தில் ஒரே ஒருவனுக்கு வேலை இல்லையென்றால் அவனுடைய குணத்தை, திறமையைப் பார்க்கலாம். இலட்சக்கணக்கானோருக்கு வேலை இல்லையென்றால் பார்க்க வேண்டியது அவர்களை அல்ல, நாட்டின் அமைப்பை. ஒருவரின் வாழ்க்கையும் வரலாறும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கின்றன என்று பார்ப்பதுதான் அந்தக் கற்பனை.

இதை என் கதையில் போட்டுப் பார்த்தேன். என் பெரியம்மா மகளும் நானும் ஒரே லயம், ஒரே வகுப்பு. ஓ.எல். பரீட்சையில் அவளுக்குக் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ‘ஏ’. எனக்குக் கணிதத்தில் ‘சி’. இன்றைக்கு நான் பல்கலைக்கழகத்தில், அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில். கெட்டிக்காரத்தனம்தான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா நடந்திருக்க வேண்டும்?

காரணம் பள்ளிக்கூடங்களின் வகையில் இருக்கிறது. இலங்கையில் அரச பாடசாலைகள் நான்கு வகை. ‘1ஏபி’ பாடசாலையில்தான் ஏ.எல். விஞ்ஞானப் பிரிவு இருக்கும். ‘1சி’யில் கலையும் வர்த்தகமும் மட்டும். ‘வகை 2’ ஓ.எல்.லோடு முடியும். ‘வகை 3’ சின்ன வகுப்புகளுக்கானது. நாங்கள் இரண்டு பேரும் படித்தது வகை 2. பஸ்ஸில் அரை மணித்தியாலத்தில் ஒரு 1சி இருந்தது. தமிழில் விஞ்ஞானம் படிக்கக்கூடிய 1ஏபிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், போக மட்டும் இரண்டு மணித்தியாலம். விடுதி இல்லை. டவுனில் போர்டிங் எடுக்கக் காசும் இல்லை. கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுகிற வீட்டில் மாசா மாசம் போர்டிங் காசுக்கு எங்கே போவது?

நான் விரும்பியது கலைப் பிரிவு, அது கிட்ட இருந்தது. அவள் விரும்பியது உயிரியல், அது எட்ட இருந்தது. வேற வழியில்லாமல் அவளும் என்னோடு கலையில் சேர்ந்தாள். ஆறு மாசத்தில் நின்றுவிட்டாள். இப்போது கேட்டால், “எனக்குப் படிப்பு ஏறலடா” என்கிறாள். இரண்டு ‘ஏ’ எடுத்தவள் சொல்கிற வார்த்தை இது!

இது அவளுடைய தொல்லை மட்டுமா? எண்ணிப் பார்த்தேன். எங்கள் வகுப்பில் விஞ்ஞானப் பிரிவுக்குப் போகத் தகுதியான பெறுபேறு ஒன்பது பேருக்கு இருந்தது. ஒருவரும் போகவில்லை. ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் படிப்பு ஏறாமல் போகுமா?

அந்த 1ஏபி ஏன் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்டால் வரலாறு வருகிறது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும் அந்தக் குரலை வெட்டின. தொண்டமான் மறுபடி தேர்தலில் வென்று பாராளுமன்றம் போக 1977 ஆகிவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெரும்பாலும் பொறுப்பேற்றதும் அந்த எழுபதுகளில்தான். என் அம்மாயி படித்த காலத்தில் பள்ளிக்கூடம் என்பது ஒரு அறை, ஒரு வாத்தியார். வாக்கு இல்லாத சனம் எந்த எம்.பி.யிடம் போய் ஆய்வுகூடம் கேட்கும்? மற்ற ஊர்கள் விஞ்ஞான ஆய்வுகூடம் கட்டிக்கொண்டிருந்த முப்பது வருடங்களை நாங்கள் இழந்தோம். அந்த முப்பது வருடம்தான் இன்றைக்கு இரண்டு பஸ்ஸாக நிற்கிறது.

இந்தப் பார்வைக்கும் எல்லை உண்டு. ஒன்பது பேரில் ஒருவரும் ஏன் விஞ்ஞானம் படிக்கவில்லை என்று இது சொல்லும். அதே 1சியில் கலை படித்த மற்றவர்கள் வராமல் நான் ஏன் வந்தேன் என்பதை முழுசாகச் சொல்லாது. நான் இரவிரவாகப் படித்ததும் பொய்யில்லை. அம்மா நகையை அடகு வைத்ததும் பொய்யில்லை. ஆனால் அவளும் இரவிரவாகப் படித்தவள்தான். பெரியம்மாவிடமும் அடகு வைக்க ஒரு தோடு இருந்தது. ஒரு தோட்டில் இரண்டு வருட போர்டிங் கட்ட முடியாது.

என்னைப் பாராட்டுகிற அதே வசனம் அவளைக் குற்றம் சொல்கிறது. ‘கஷ்டப்பட்டவன் மேல வந்தான்’ என்றால் வராதவள் கஷ்டப்படவில்லை என்றுதானே அர்த்தம்? அதை அவளே நம்பிவிட்டாள் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. அதனால் அடுத்த முறை தோட்டத்துக்கு யாராவது பாராட்டு விழா வைக்க வந்தால், மாலையை விட்டுவிட்டு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: இங்கிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலத்தில், விடுதியோடு, தமிழில் விஞ்ஞானம் படிக்க ஒரு 1ஏபி எப்போது வரும்?